மூன்று மாத இலக்கு: லைக்கை விட்டுவிட்டு விசாரிப்பை எண்ணுவது

கேள்வி: ஈரோட்டில் வீட்டிலிருந்தே ஆரி பிளவுஸ் செய்து தருகிறோம், நானும் இன்னொரு அக்காவும். இன்ஸ்டாவில் 4,200 பேர் பின்தொடர்கிறார்கள். ரீல்ஸுக்கு லைக் நன்றாக வருகிறது, ஆர்டர் அந்த அளவுக்கு இல்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரைக்கான இலக்கை எப்படி வைப்பது?

பதில்:

சிறு கடைகள் சிலவற்றின் கணக்குகளைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இலக்கைக் கணக்கின் பக்கத்திலிருந்து தொடங்காமல், உங்கள் கைகளின் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முழுக் கை வேலைப்பாடு கொண்ட மணப்பெண் பிளவுஸ் ஒன்று ஒருவருக்கு நான்கைந்து நாள் எடுக்கும், எளிய கழுத்து வேலை ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். இரண்டும் கலந்து நீங்கள் இருவரும் மாதம் 10 முடிப்பீர்கள் என்று வைத்துக்கொண்டால், மூன்று மாதத்திற்கு 30 ஆகிறது. இவற்றில் பழைய வாடிக்கையாளரும் அக்கம்பக்கத்தாரும் 16 தருகிறார்கள் என்றால், இன்ஸ்டாகிராம் கொண்டுவர வேண்டியது 14 ஆர்டர் மட்டுமே. அதற்கு மேல் வந்தால் திருமணத் தேதிக்குள் முடித்துக் கொடுக்க முடியாமல் பெயர்தான் கெடும்.

அடுத்து, ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, ஏப்ரல் முதல் ஜூன் வரை வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராம் இன்பாக்ஸிலும் வந்த உரையாடல்களை மேலிருந்து கீழ்வரை பார்த்து எண்ணுங்கள். எண்ணுவதற்கு முன் எது விசாரிப்பு என்பதை முடிவு செய்துவிட வேண்டும். "விலை?" என்று கருத்துப் பகுதியில் கேட்டுவிட்டுப் போனவரை நான் சேர்ப்பதில்லை. எந்த வடிவமைப்பு, எந்தத் தேதிக்கு, எவ்வளவு செலவில் என்ற மூன்றில் இரண்டையாவது சொன்னவரே விசாரித்தவர். ஒருவரே இன்ஸ்டாவில் கேட்டுவிட்டு வாட்ஸ்அப்பிலும் வந்தால் அவர் ஒருவர்தான். வீட்டில் அம்மாவும் மகளும் தனித்தனியே ஒரே திருமணத்திற்குக் கேட்டாலும் அதை ஒன்றாகவே எழுதுங்கள்.

இப்படி எண்ணியதில் 60 விசாரிப்பும் அவற்றிலிருந்து 10 ஆர்டரும் கிடைத்ததாகக் கொள்வோம், அதாவது ஆறுக்கு ஒன்று. இதே விகிதத்தில் 14 ஆர்டர் பெற 84 விசாரிப்பு வேண்டும், அது ஒரே காலாண்டில் 40 விழுக்காடு உயர்வு. விகிதத்தை மட்டும் கூட்டி, 60 விசாரிப்பிலேயே 14 பெறுவதானால் ஏறக்குறைய நான்குக்கு ஒன்று என்றாக வேண்டும், அதுவும் கடினம். இரண்டையும் சிறிது சிறிதாக உயர்த்தி, 70 விசாரிப்பு, ஐந்துக்கு ஒன்று ஆர்டர் என்று வைத்தால் அதே 14 வந்துவிடுகிறது. நான் இந்த மூன்றாவதைத்தான் எழுதி வைப்பேன்.

ஆனால் 70 என்பதைப் பரீட்சை மதிப்பெண்போல் எடுத்துக்கொள்ள வேண்டாம். சராசரியாக 60 பேர் விசாரிக்கும் இடத்தில், நீங்கள் எதையும் மாற்றாவிட்டாலும் ஒரு காலாண்டில் 52, இன்னொன்றில் 68 என்று தானாகவே ஏறி இறங்கும். எனவே "10 விழுக்காடு உயர்த்துவோம்" என்று 66ஐ இலக்காக வைத்து அதைத் தொட்டாலும், உங்கள் முயற்சியால் தொட்டீர்களா என்பது தெரியாது. 62க்கும் 78க்கும் இடையில் எங்கே நின்றாலும் சரியான திசை என்றும், 60க்குக் கீழே போனால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வாரக் கணக்கு இன்னும் ஆட்டம் காட்டும். வாரம் ஐந்தாறு பேர் என்ற அளவில் ஒரு வாரம் இரண்டு பேர் மட்டும் வந்ததற்காக ரீல்ஸின் பாணியையே மாற்றிவிடாதீர்கள்.

ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஆடி. அந்த மாதத்தில் திருமணம் அரிது, ஆனால் ஆவணி முகூர்த்தத்திற்கான விசாரிப்பு அந்த மாதத்தில்தான் வரும், ஏனென்றால் அளவு எடுத்து, வடிவமைப்பை முடிவு செய்து, வேலைப்பாடு முடிக்க மூன்று நான்கு வாரம் தேவை என்பது மணப்பெண் வீட்டாருக்கும் தெரியும். புரட்டாசியைப் பலர் தவிர்ப்பதால், செப்டம்பரில் கேட்பவர்களில் பெரும்பாலோர் ஐப்பசிக்காகக் கேட்பார்கள். ஆகவே ஆடியில் கையில் வேலை குறைந்திருப்பதைப் பார்த்துப் பதிவிடுவதைக் குறைத்துவிட்டால், ஆவணிக்கான வாய்ப்பை இழப்பீர்கள். கணக்கு எழுதும்போதும், ஆர்டர் எந்த மாதம் உறுதியானாலும் அதை அவர் முதலில் விசாரித்த மாதத்தின் வரிசையிலேயே குறியுங்கள். இல்லையென்றால் செப்டம்பர் கடைசியில் கேட்டு அக்டோபரில் முன்பணம் கட்டியவர், இந்தக் காலாண்டில் வீணானவராகவும் அடுத்ததில் விசாரிக்காமலே வந்தவராகவும் தெரிவார்.

எங்கிருந்து வந்தார் என்பதை அறிய, இன்ஸ்டாகிராம் முகப்பில் வைக்கும் வாட்ஸ்அப் இணைப்பில் முன்கூட்டியே ஒரு வரியைச் சேர்த்துவிடலாம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Aari%20blouse%20-%20Insta
```

இதைத் தொட்டு வருபவரின் முதல் செய்தியிலேயே அந்த வரி இருக்கும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் லேபிள் வசதி இருப்பதால், "விசாரித்தார்", "தேதி சொன்னார்", "முன்பணம் கட்டினார்" என்று மூன்றே லேபிள் போட்டு, ஞாயிறுதோறும் எண்ணி ஒரு நோட்டில் எழுதினால் போதும். விளம்பரம் கொடுத்தால் அதன் வழி வருவோரைத் தனி வரிசையில் வையுங்கள். பொத்தானைத் தொட்டதும் தயாராக நிற்கும் வாக்கியத்தை அனுப்பிவிட்டு, நீங்கள் பதில் போட்டால் மீண்டும் எட்டிப் பார்க்காதவர்கள் அதில் நிறைய.

விகிதத்தை ஆறிலிருந்து ஐந்துக்கு ஒன்றாக்குவது எப்படி என்பதற்கான விடை, ஆர்டராகாத அந்த 50 உரையாடல்களிலேயே கிடக்கிறது. ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நின்றது என்று குறித்துப் பாருங்கள். விலை சொன்னதும் பேச்சு நின்றதா, கேட்ட தேதிக்கு உங்களால் முடியவில்லையா, வெளியூர் என்பதால் அளவு கொடுக்க முடியவில்லையா, அல்லது நீங்கள் மறுநாள்தான் பதில் சொன்னீர்களா? வீட்டிலிருந்து தொழில் செய்பவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது கடைசிக் காரணம். மாலை ஏழு மணிக்குக் கேட்பவர் அதே மாலையில் நான்கு பேரைக் கேட்டிருப்பார், முதலில் பேசியவரிடம் அளவு பிளவுஸைக் கொடுத்துவிடுவார். உங்கள் பட்டியலில் அதுவே பெரிய காரணமாக இருந்தால், "இரவு ஒன்பதுக்குள் வந்த எல்லாவற்றுக்கும் அன்றே பதில்" என்பதைத்தான் முதல் மாத இலக்காக வைக்க வேண்டும். அது முழுக்க உங்கள் கையில் இருக்கும் இலக்கு. வெளியூர்க்காரர்கள்தான் அதிகம் என்றால், உங்கள் ரீல்ஸ் யாரைச் சென்றடைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வெளி மாநிலங்களில் பரவி ஆயிரக்கணக்கில் லைக் வாங்கிய ரீல், ஈரோட்டிலும் பெருந்துறையிலும் திருமணம் வைத்திருப்பவரிடம் போகாமலே இருந்திருக்கலாம்.

விசாரிப்பை இலக்காக்கினால் அதற்கென ஒரு குறுக்குவழியும் முளைக்கும்: விலையை மறைத்து "விலைக்கு மெசேஜ் செய்யவும்" என்று போடுவது. எண்ணிக்கை உடனே ஏறும், ஆனால் தேதி சொல்பவர்களின் பங்கு இறங்கும், மாலை முழுவதும் விலை சொல்வதிலேயே கழியும். தேதி சொன்னவர்கள் முன்பு பத்துக்கு ஆறு பேர் இருந்து, இப்போது மூன்று பேர் ஆகிவிட்டால் இதுதான் நடக்கிறது என்று அறியலாம். தொடக்க விலையையும் தேவைப்படும் நாட்களையும் பதிவிலேயே எழுதிவிடுங்கள். விசாரிப்பு 70க்குப் பதில் 55 ஆகி, ஆர்டர் 14 வந்தால் எனக்கு அது வெற்றிதான்.

செப்டம்பர் முடிவில் இந்தக் கணக்கை ஏப்ரல்-ஜூனோடு ஒப்பிட்டு ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஏனென்றால் அதில் சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் கலந்திருக்கின்றன. போன ஆண்டின் ஜூலை-செப்டம்பர் உரையாடல்கள் அழியாமல் இருந்தால் அவற்றையும் இதே வரையறைப்படி எண்ணி, அந்த எண்ணை அருகில் வைத்துப் பாருங்கள்.