டாலர் ஏறிக்கொண்டே போனால் மகளின் படிப்புக்கு எவ்வளவு சேர்ப்பது?

கேள்வி: என் மகள் இப்போது எட்டாம் வகுப்பு. சென்னையில் பொறியியல் முடித்தபின் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க வைக்க ஆசை. டாலர் ஏறிக்கொண்டே போகிறதே, எவ்வளவு சேர்க்க வேண்டும், எதில் சேர்க்க வேண்டும்?

பதில்: முதலில் ரூபாயை மறந்துவிட்டு இலக்கை டாலரில் எழுதுங்கள். இரண்டு வருடத்துக்குக் கட்டணமும் தங்கும் செலவும் சேர்த்து இன்று 80,000 டாலர் என்று கொள்வோம். கட்டணம் ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறினால், ஒன்பது ஆண்டுகள் கழித்து அது சுமார் 1,04,000 டாலர். டாலர் 90 ரூபாயிலேயே நின்றால் 94 லட்சம் போதும். ரூபாய் ஆண்டுக்கு மூன்றரை சதவீதம் சரிந்தால் டாலர் ஏறக்குறைய 123 ரூபாயாகிவிடும். தேவை 1 கோடியே 28 லட்சம். நாணயத்துக்கு மட்டும் 34 லட்சம். பலரும் கட்டண உயர்வைக் கணக்கில் சேர்க்கிறார்கள், இந்த இரண்டாவது ஏற்றத்தை விட்டுவிடுகிறார்கள். மூன்றரை என்பது என் அனுமானம். 2010-ல் 45 ரூபாய் அளவில் இருந்த டாலர் இன்று எங்கே நிற்கிறது என்று பார்த்தால் அது மிகையாகத் தெரியாது.

ஆண்டுதோறும் நடக்கும் இந்த மெதுவான சரிவு பெரிய ஆபத்தில்லை. ஒன்பது ஆண்டுகளில் நம் ஊர்ப் பங்குச் சந்தை ஃபண்டு நியாயமாக வளர்ந்தால் அதை ஈடுகட்டிவிடும். பயப்பட வேண்டியது பணம் கட்டும் ஆண்டில் வரும் திடீர்த் தாவலுக்கு. 2013 மே தொடக்கத்தில் 54 ரூபாய் அளவில் இருந்த டாலர், ஆகஸ்ட் கடைசியில் 68 ரூபாயைத் தாண்டியது. அந்த மாதங்களின் பொருத்தத்தைக் கவனியுங்கள். மாணவர் விசாவுக்காக அமெரிக்கப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் வாங்க, முதல் ஆண்டுச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று வசந்த காலத்தில் வங்கிக் கணக்கைக் காட்டுகிறோம். கட்டணம் கட்டுவதோ ஆகஸ்டில். 40,000 டாலருக்கு 54 ரூபாய்க் கணக்கில் 21 லட்சத்து 60 ஆயிரம் வைத்திருந்தவர், 68-ல் கட்டும்போது 27 லட்சத்து 20 ஆயிரம் தேட வேண்டியிருந்திருக்கும். பிள்ளை பெட்டி கட்டும் நேரத்தில் ஐந்தரை லட்சத்துக்கு எங்கே ஓடுவது?

இதற்கு நான் சொல்லும் வழி, கடைசி மூன்று ஆண்டுகளில் படிப்படியாக டாலருக்கு மாறுவது. அதற்கு முன் வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பில் எம்.எஸ். என்று சொல்லும் பெண், கல்லூரி மூன்றாம் ஆண்டில் ஜெர்மனி என்பாள். அப்போது நீங்கள் சேர்த்த டாலரை விற்று யூரோ வாங்க வேண்டும். கல்லூரி இரண்டாம் ஆண்டு வாக்கில் நாடு ஓரளவு தெளிவாகிவிடும். அன்றிலிருந்து ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக, பங்கு ஃபண்டிலிருந்து எடுத்து மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றினால் அந்த நாளின் விலைதான் உங்கள் தலைவிதி. தவிர, மாற்றும் பணம் பங்குச் சந்தையிலிருந்து வெளியே வருவதால், சந்தை விழும் ஆபத்தும் கூடவே குறைகிறது.

டாலரை எங்கே வைப்பது? நம் வங்கிக் கிளையில் டாலர் வாங்கி வைப்புத்தொகையாகப் போட்டுக்கொள்ள முடியாது. ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம். 2024 ஜூலையில் விதி தளர்ந்த பிறகு, குஜராத்தில் உள்ள கிஃப்ட் சிட்டி என்ற சர்வதேச நிதி மையத்தின் வங்கிக் கிளைகளில் டாலர் கணக்குத் திறந்து, அதிலிருந்தே பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பலாம். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: முதலீடு செய்யாமலோ செலவழிக்காமலோ சும்மா கிடக்கும் பணத்தை 180 நாட்களுக்குள் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அனுப்புவதற்கு முன் இதை வங்கியில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"தி.நகரில் நகை வாங்கிப் போடு, டாலர் ஏறினால் தங்கமும் ஏறும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. தங்கத்துக்கு உலக விலை டாலரில்தான். ஆனால் அதே 2013-ல் டாலர் கணக்கில் தங்கம் கால் பங்குக்கு மேல் விழுந்தது. நகையென்றால் செய்கூலி, சேதாரம் வேறு. ஒரு சிறு பகுதிக்குத் தங்க ஃபண்டு சரி, நகை வேண்டாம்.

மாதம் எவ்வளவு என்றால்: 1 கோடியே 28 லட்சத்தையும் சேமிப்பிலேயே எடுக்க, ஆண்டுக்கு 10 சதவீத வளர்ச்சியில் மாதம் சுமார் 73,000 ரூபாய் போட வேண்டும். நான் பாதியைச் சேமிப்பிலும் பாதியைக் கல்விக் கடனிலும் வைப்பேன். அப்போது மாதம் 36,500. வங்கிக் கல்விக் கடனிலிருந்து அனுப்பும் தொகைக்கு, வங்கி முன்கூட்டியே பிடிக்கும் டி.சி.எஸ். வரியும் இப்போது கிடையாது. சொந்தப் பணமென்றால் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் பிடிப்பார்கள். அதை வருமானவரியில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், பல மாதம் அந்தப் பணம் கையில் இருக்காது.

பணம் அனுப்பும் அன்று, வங்கி பலகையில் போட்டிருக்கும் விலையை அப்படியே ஏற்காதீர்கள். 40,000 டாலருக்கு ஒரு ரூபாய் வித்தியாசமே 40,000 ரூபாய். கிளை மேலாளரிடம் தொகையைச் சொல்லி, கருவூலப் பிரிவில் சலுகை விலை வாங்கித் தரச் சொல்லுங்கள். இரண்டு வங்கிகளில் ஒரே மணி நேரத்தில் விசாரித்தால், எவர் எவ்வளவு மேலே வைக்கிறார் என்பது தெரிந்துவிடும்.