சிக்கு வாடை, பூஞ்சை, நமுத்தல்: முறுக்கு, அப்பளம், வடாம் போடுபவர்களுக்கான பதில்கள்

வாரம் இருமுறை 10 கிலோ மாவில் அரிசி முறுக்கு சுட்டு, 200 கிராம் கவரில் அடைத்துக் கடைகளுக்குப் போடுகிறோம். கவரில் 30 நாள் என்று அச்சிட்டிருக்கிறோம். ஆனால் இரண்டு வாரத்திலேயே சிக்கு வாடை அடிக்கிறது என்று திருப்பித் தருகிறார்கள். மொறுமொறுப்பு மட்டும் குறையவே இல்லை. எங்கே தவறு? (வாசகி, பாலக்கோடு)

மொறுமொறுப்பு குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. கவருக்குள் ஈரம் போகவில்லை, ஒட்டு சரியாக இருக்கிறது. கெட்டது முறுக்குக்குள் இருக்கும் எண்ணெய். கவரை மாற்றுவதற்கு முன் எண்ணெய் ஏன் கெட்டது என்று பாருங்கள். காரணம் சட்டியாக இருக்கலாம், கடை வாசலாக இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம்.

அதைப் பிரித்தறிய ஆறு பாக்கெட் போதும். ஒரே நாளில் சுட்டதில் மூன்றை வெயில் படும் இடத்தில், கடையில் தொங்குவது போலவே தொங்கவிடுங்கள். மூன்றை அட்டைப் பெட்டியில் மூடி, அதே வெக்கையுள்ள அறையில் வையுங்கள். 7, 14, 21 ஆகிய நாட்களில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றைப் பிரித்து, பிரித்த உடனே மோந்து பாருங்கள். கொஞ்சம் காற்றாடிவிட்டால் வாடை தெரியாது. தொங்கியது மட்டும் கெட்டிருந்தால் வெளிச்சம்தான் காரணம். பெட்டியில் இருந்ததும் அதே நாளில் கெட்டிருந்தால் எண்ணெய் சட்டியிலேயே பழசாகிவிட்டது என்று அர்த்தம்.

உங்கள் கணக்கைப் பார்த்தால் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். 10 கிலோ மாவு ஏறக்குறைய மூன்றரை லிட்டர் எண்ணெயைக் குடிக்கும். 15 லிட்டர் பிடிக்கிற சட்டியில் சுட்டால் முடிவில் பதினொன்றரை லிட்டர் மிஞ்சும். அடுத்த முறை அதன்மேல் மூன்றரை லிட்டர் புது எண்ணெய் ஊற்றுகிறீர்கள். அதாவது ஒவ்வொரு முறையும் சட்டியில் இருப்பதில் முக்கால் பங்குக்கு மேல் பழைய எண்ணெய். பழசில் ஏற்கெனவே தொடங்கிவிட்ட கெடுதல் புதிதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான்.

அதனால் சட்டியைச் சிறிதாக்குங்கள். 7 லிட்டரில் தொடங்கி, குறையக் குறையப் புது எண்ணெய் விட்டுக்கொண்டே வாருங்கள். கடைசி ஈடுகளில் ஊற்றுவதை நிறுத்திவிட்டால் நாலு லிட்டர் அளவுதான் மிஞ்சும். அதை இளஞ்சூட்டிலேயே துணியில் வடிகட்டி, எவர்சில்வர் தூக்கில் விளிம்பு வரை நிரப்பி மூடி வையுங்கள். இரும்புச் சட்டியிலேயே மூன்று நாள் விட்டுவைப்பதும், பித்தளைப் பாத்திரத்தில் ஊற்றி வைப்பதும் கெடுதலை வேகப்படுத்தும். வடிகட்டிய எண்ணெயை இரண்டு மூன்று நாளில் விற்றுத் தீரும் பண்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், கவர் முறுக்குக்கு வேண்டாம். முறுக்கு போட்டு எடுத்த பிறகும் நுரை அடங்காமல் நின்றாலோ, வழக்கமான சூட்டிலேயே புகைந்தாலோ, கரண்டியில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒழுகினாலோ அந்த எண்ணெய் எதற்கும் ஆகாது. எண்ணெய் காயக் காய அதில் கூடிக்கொண்டே போகும் மொத்தத் துருவப் பொருள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. அதை அளக்கக் கருவி உண்டு. ஆனால் மேலே சொன்ன மூன்று அடையாளங்களும் வரும்வரை காத்திருக்காமல் மாற்றுபவருக்கு அந்தக் கருவி அவ்வளவாகத் தேவைப்படாது.

எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். நீண்ட நாள் இருப்புக்குச் சூரியகாந்தி எண்ணெய் ஏற்றதல்ல, சீக்கிரம் சிக்கு அடிக்கும். பாமாயில் அதிக நாள் தாங்கும். கடலை எண்ணெய் இரண்டுக்கும் நடுவில். ருசிக்குக் கடலை எண்ணெயே வேண்டும் என்பவர்கள் கவரில் 30 நாள் போடாமல் 20 நாள் போடுவது நேர்மை.

தொங்கவிட்ட பாக்கெட் மட்டும் கெட்டால் வெள்ளிப் பூச்சுள்ள கவருக்கு மாறுங்கள். சாதாரணப் பிளாஸ்டிக் கவர் ஈரத்தைத் தடுக்கும். ஆனால் வெளிச்சத்தையும், மெதுவாகக் காற்றையும் உள்ளே விடும். அந்தச் செலவு கட்டாது என்றால், சரம் கட்டித் தொங்கவிடாமல் மூடி போட்ட டப்பாவில் வைத்து விற்கும் கடைகளுக்கு மட்டும் போடுங்கள்.

எங்கள் தட்டுவடையும் நிப்பட்டும் ஐந்தாம் நாளே நமுத்துப்போகின்றன. கவர் நல்ல கனமானதுதான். (வாசகர், ஓசூர்)

கனமான கவர் உள்ளே ஈரம் வராமல் தடுக்கும். உள்ளேயே ஈரத்தை வைத்து ஒட்டினால் அதே கவர் அந்த ஈரத்தை வெளியேயும் விடாது. சூட்டோடு அடைத்தீர்களா என்று முதலில் பாருங்கள். கவரின் உட்பக்கம் லேசாகப் பனி படர்ந்தது போல இருந்தால் அதுதான். ஒற்றை அடுக்காகப் பரப்பி, உள்ளங்கையில் வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறவிட்டு அடைக்க வேண்டும். ஆனால் ஓசூரில் ராத்திரி முழுக்கத் திறந்து வைத்துக் காலையில் அடைத்தால் குளிர்ந்த ஈரக்காற்றை இழுத்துக்கொள்ளும். ஆறிய உடனே, அன்றைக்கே அடைத்துவிடுங்கள்.

அடுத்தது வேக்காடு. எண்ணெய் அதிகமாகக் காய்ந்திருந்தால் மேலே சிவந்துவிடும், நடுவில் ஈரம் தங்கிவிடும். தடித்த இடத்தில் ஒடித்துப் பாருங்கள். நடுவே மாவு நிறத்தில் மங்கலான கோடு தெரிந்தால் வேகவில்லை. 170-லிருந்து 180 டிகிரிக்குள் சூட்டை வைத்து, சலசலப்பு அடங்கிய பிறகே எடுங்கள். நிப்பட்டில் கடலைத் துண்டைச் சுற்றி மாவு தடித்துக்கொள்ளும். கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்துப் போட்டால் இந்தத் தொல்லை குறையும்.

இரண்டும் சரி என்றால் ஒட்டைப் பாருங்கள். ஒட்டிய பாக்கெட்டை வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தால், ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். கவரின் வாயில் படிந்த எண்ணெயும் தூளும்தான் பெரும்பாலும் ஒட்டைக் கெடுக்கின்றன. அகன்ற வாய்ப் புனல் வைத்து நிரப்பினால் வாய் சுத்தமாக இருக்கும்.

உளுந்து அப்பளம் போடுகிறேன். ஒரு தடவை கட்டின் நடுவில் பூஞ்சை, அடுத்த தடவை தொட்டாலே உடைகிறது. பதம் பிடிபடவில்லை. பொரித்தால் சிவந்தும் போகிறது. (வாசகி, காவேரிப்பட்டணம்)

வடாம் போல அப்பளத்தை முழுக்கக் காயவைக்கக் கூடாது. அதற்கு 12-லிருந்து 14 விழுக்காடு வரை ஈரம் இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் பூஞ்சை வரும், 8-க்குக் கீழே போனால் நொறுங்கும். இதைக் கையால் மட்டும் பார்த்தால் ஆளுக்கு ஆள் பதம் மாறும். தராசை வைத்துப் பாருங்கள்.

1 கிலோ உளுந்து மாவு, 80 கிராம் உப்பு, 10 கிராம் அப்பளக்காரம் என்று வைத்துக்கொள்வோம். மாவிலேயே 12 விழுக்காடு ஈரம் இருக்கும். ஆக ஈரமில்லாத சரக்கு மொத்தம் 970 கிராம். பிசையும்போது எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அது காயும்போது போகப்போகிறதுதான், அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். காய்ந்த அப்பளம் 1,100-லிருந்து 1,130 கிராம் வரை நின்றால் பதம். 1,200 இருந்தால் ஈரம் 19 விழுக்காடு, கட்டினால் பூஞ்சைதான். 1,050-க்கு இறங்கிவிட்டால் உடையும். தேய்க்கும்போது தூவுகிற மாவையும் ஒரே ஒரு தடவை நிறுத்துக் கணக்கில் கூட்டிக்கொள்ளுங்கள்.

பூஞ்சை நடுவில் மட்டும் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெயிலில் விளிம்பு முதலில் காயும், நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். அப்படியே கட்டினால் மொத்த எடை சரியாக இருந்தாலும் நடுப்பகுதி கெடும். அதனால் முதல் காய்ச்சலுக்குப் பிறகு அப்பளங்களை அடுக்கி, துணி போட்டு மூடி மூன்று நான்கு மணி நேரம் வையுங்கள். நடுவில் உள்ள ஈரம் விளிம்புக்குப் பரவும். பிறகு நிழலில் பரப்பி மீண்டும் காயவைத்து, ஆறிய பின் நிறுத்துக் கட்டுங்கள்.

பொரிக்கும்போது சிவப்பதற்குக் காரணம் பெரும்பாலும் காரம் கூடுதலாக இருப்பதுதான். நாக்கில் சோப்பு போன்ற ருசி தட்டினால் சந்தேகமே வேண்டாம். காரத்தையும் உப்பையும் தண்ணீரில் கரைத்து வடிகட்டியே மாவில் சேருங்கள். மாவில் நேரடியாகத் தூவினால் கட்டி நின்று அங்கங்கே சிவப்புப் புள்ளி விழும்.

கேழ்வரகுக் கூழ் வடாம் போட்டால் வெளியே காய்ந்தது போலிருந்து உள்ளே ரப்பராக இருக்கிறது. உப்பும் கரிக்கிறது. (வாசகி, பென்னாகரம்)

உப்புக் கணக்கு எளிது. 1 கிலோ மாவுக்கு 5 லிட்டர் தண்ணீர் விட்டால் 6 கிலோ கூழ், காய்ந்தால் ஏறக்குறைய 1 கிலோ வடாம். கூழில் இருக்கும் உப்பு ஆறு மடங்கு கெட்டிப்படும். அதனால் கூழை நக்கிப் பார்க்கும்போது உப்பு பத்தாதது போலத்தான் இருக்க வேண்டும். கிலோ மாவுக்கு 30 கிராம் போதும்.

ரப்பராக இருப்பது தடிமனால் வருவது. கடும் வெயிலில் மேல்தோல் சட்டென்று இறுகிவிட்டால் உள் ஈரம் வெளியேற வழியிருக்காது. மெல்லியதாக ஊற்றி, முதல் நாள் மாலையே திருப்பிப் போடுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் இரண்டு நாளில் காயும் என்றாலும் மூன்றாவது நாளும் போடுவது நல்லது. கையில் எடுத்து ஒடித்தால் வளையாமல் டக்கென்று உடைய வேண்டும். வெயிலில் இருந்து எடுத்த சூட்டோடு அடைக்காமல், ஆறவிட்டு, பூச்சி நுழையாதபடி இறுக்க ஒட்டி வையுங்கள். ஐப்பசியில் கூழ் ஊற்றுவது வீண் வேலை. அந்த மாதங்களில் விற்பதையும் கோடையிலேயே போட்டுவிடுங்கள்.

கவரில் எத்தனை நாள் போடுவது? வேறு என்னவெல்லாம் அச்சிட வேண்டும்? (வாசகர், அரூர்)

பக்கத்துக் கம்பெனி கவரைப் பார்த்து நாள் போடாதீர்கள். முதல் பதிலில் சொன்ன சோதனையை உங்கள் சரக்கில், கோடையில் ஒரு தடவை, மழைக்காலத்தில் ஒரு தடவை செய்யுங்கள். முதல் மாற்றம் தெரிகிற நாளில் மூன்றில் இரண்டு பங்கை அச்சிடலாம். 30-ஆம் நாள் வாடை தட்டினால் கவரில் 20 நாள். கடைக்காரர் பாக்கெட்டை எங்கே தொங்கவிடுவார் என்பது நம் கையில் இல்லை, அதற்குத்தான் இந்த இடைவெளி.

பண்டத்தின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த தேதி, காலாவதி தேதி, தொகுதி எண், தயாரிப்பாளர் முகவரி, புகார் சொல்லத் தொடர்பு எண், பச்சைக் குறி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். முறுக்கில் வெண்ணெய் சேர்த்தால் பால் என்றும், நிப்பட்டில் நிலக்கடலை என்றும், மைதா சேர்த்தால் கோதுமை என்றும் ஒவ்வாமை அறிவிப்பில் தனியாகக் குறிப்பிட வேண்டும். தொகுதி எண்ணை எந்த நாள், எந்தச் சட்டி என்று தெரிகிற மாதிரி போடுங்கள். பாக்கெட் திரும்பி வந்தால் எந்த எண்ணெயில் சுட்டது என்று அன்றைக்கே கண்டுபிடித்துவிடலாம்.