பழைய போட்டோவின் மூலையில் ஆரஞ்சுத் தேதி: எப்படி வெட்டுவது?

"தங்கச்சி காதுகுத்துப் படத்தை ஸ்கேன் பண்ணினேன். வலது கீழ் மூலையில் '98 5 17 என்று ஆரஞ்சு நிறத்தில் தேதி இருக்கிறது. அதை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். படத்தின் தரம் குறையக்கூடாது, மறுபடி 4×6 பிரிண்ட்டும் போட வேண்டும்."

நெகட்டிவ் கையில் இருந்தாலும் அதில் தேதி இல்லாத படம் கிடைக்காது. கேமராவின் பின்மூடியில் இருந்த சின்ன விளக்குதான் அந்த எண்களை நேராக ஃபிலிமிலேயே பதித்தது. ஆனால் பிரிண்ட் போடும்போது லேபில் ஓரங்கள் கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கும். நெகட்டிவை ஸ்கேன் செய்தால் அந்த ஓரம் திரும்பக் கிடைக்கும், வெட்டுவதற்கும் இடம் தாராளமாக இருக்கும்.

பிரிண்ட்டை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்திருந்தால் படம் 3600×2400 பிக்சல் இருக்கும். எண்களின் தலை கீழ் விளிம்பிலிருந்து 200 பிக்சல் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சரியாக அங்கேயே வெட்டாதீர்கள். எண்களைச் சுற்றி மங்கலான செம்மை ஒன்று படர்ந்திருக்கும், அது தப்பி நின்றுவிடும். 240 பிக்சல் எடுங்கள், பிரிண்ட்டில் அது ஒரு சென்டிமீட்டர். உயரம் 2160 ஆகிறது. 4×6-க்குப் பொருந்த அகலம் 3240 வேண்டும், ஆகவே பக்கவாட்டில் 360 பிக்சல் போகும். மிச்சமிருப்பதே 4×6-க்கு 540 டிபிஐ, பிரிண்ட்டுக்கு 300 போதும்.

தரம் பற்றிக் கேட்டீர்கள். ஜேபெக் படத்தைத் திறந்து, வெட்டி, சேமித்தால் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுருக்கப்படும், கொஞ்சம் தேயும். தேதி வலது கீழ் மூலையில் இருப்பது இங்கே உங்கள் அதிர்ஷ்டம். இடது மேல் மூலை நகராதவரை, jpegtran என்ற கட்டளைவரிக் கருவியால் மறுசுருக்கமே இல்லாமல் வெட்ட முடியும்:

```
jpegtran -copy all -crop 3240x2160+0+0 -outfile new.jpg old.jpg
```

வலது ஓரத்தில் தாய்மாமா நின்றால் அவர் தோளை வெட்டாமல் இடப்பக்கம் எடுங்கள். அப்போது `+0+0` என்பதை `+352+0` ஆக்குங்கள். தொடங்கும் இடம் 16-ஆல் வகுபட்டால் சிக்கல் இல்லை. வகுபடாவிட்டால் வெட்டு தானாகவே இடப்பக்கம் கொஞ்சம் விரிந்துகொள்ளும்.

கீழே கால்கள் இருந்தால்தான் தகராறு. கணுக்காலில் வெட்டிய படம் கண்ணை உறுத்தும். அப்படியானால் வெட்டுவதை விட்டுவிடுங்கள். தேதி வெறும் தரையிலோ சுவரிலோ விழுந்திருந்தால் ஜிம்ப் மென்பொருளின் ஹீல் கருவியால் அழித்துவிடலாம். கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி பக்கத்துத் தரையைச் சொடுக்கி, எண்களின் மேல் பூசுங்கள். அந்தச் செம்மையையும் சேர்த்து மூடும் அளவுக்குத் தூரிகை பெரிதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் சுற்றியுள்ள நிறத்தை உறிஞ்சி அங்கே ஆரஞ்சுக் கறை ஒன்று நிற்கும். பட்டுப்புடவைக் கரைமேல் தேதி விழுந்திருந்தால் நான் தொடவே மாட்டேன், கரையின் கோலம் கலைந்துவிடும்.

வெட்டியபின் exiftool என்ற கட்டளைவரிக் கருவியால் தேதியைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கலாம். நேரம் தெரியாததால் நண்பகல் போட்டிருக்கிறேன்:

```
exiftool "-DateTimeOriginal=1998:05:17 12:00:00" new.jpg
```

எழுதுமுன் வீட்டுப் பெரியவர்களிடம் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி மாற்றியபின் தேதியைத் திருத்தாமலேயே படமெடுத்த வீடுகள் நிறைய.