சம்பளத்தில் தவணைக்கு எவ்வளவு? கேள்வி பதில்

(பதில் சொல்பவர் நாகர்கோவிலில் வங்கிக் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.)

தக்கலை வாசகர்: சார், மொத்தச் சம்பளம் 50,000. கைக்கு 42,000 வரும். பைக், செல்போன் தவணை 4,700. வீட்டுக் கடன் 23 லட்சம் வரை கிடைக்கும் என்கிறார்கள். வாங்கலாமா?

கிடைக்கும் என்பது வங்கியின் கணக்கு. மொத்தச் சம்பளத்தில் பாதி, அதாவது 25,000 வரை தவணை கட்டலாம் என்று வைத்து, 4,700-ஐக் கழித்து 20,300-க்குக் கடன் தருகிறார்கள். நீங்கள் கைக்கு வரும் 42,000-த்தில் 40 சதவீதம் பாருங்கள்: 16,800. பழைய தவணை போக மிஞ்சுவது 12,100. எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் லட்சத்துக்கு மாதம் 868 ரூபாய் வரும். ஆக, 14 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. செல்போன் தவணை முடிந்த பிறகு கடன் கேட்டால் இன்னும் கொஞ்சம் கூடும்.

வாடகை வீட்டில் இருந்துகொண்டே வீடு கட்டுகிறீர்கள் என்றால் 40 சதவீதமும் அதிகம். கட்டி முடிக்கும் வரை வாடகையும் சேர்ந்து இழுக்கும்.

மார்த்தாண்டம் வாசகர்: எனக்கு சொசைட்டி கடன் 7,000 சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். அது போகக் கைக்கு 31,000. அதில் 40 சதவீதம் 12,400 புதிதாகக் கட்டலாம் அல்லவா?

கைக்கு வருவதை வைத்துப் பார்ப்பது சரி. ஆனால் சம்பளச் சீட்டின் பிடித்தப் பகுதியில் எல்லாம் ஒரே ரகமில்லை. பி.எஃப்., வரி போனது போனதுதான். சொசைட்டி பிடித்தம் தவணை. அதைத் திரும்பக் கூட்டுங்கள். 38,000-க்கு 40 சதவீதம் 15,200. அதில் 7,000 ஏற்கெனவே போகிறது. உங்களுக்கு மிச்சம் 8,200தான். மாதாமாதம் கையால் கட்டாமல் தானாகப் பிடிப்பதால் பலர் இதைக் கடனாகவே நினைப்பதில்லை.

குளச்சல் வாசகி: நகைக் கடன் 3 லட்சம் இருக்கிறது. அதற்கு மாதத் தவணை கிடையாது. அதனால் கணக்கில் வராதுதானே?

தவணை இல்லை, வட்டி உண்டு. ஒன்பது சதவீதம் என்றாலே வருடத்துக்கு 27,000, மாதத்துக்கு 2,250. வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைத்தால் அசல் அப்படியே நிற்கும். மூன்று வருடத்தில் நகையை மீட்க நினைத்தால் அசலுக்கு மாதம் 8,300-க்கு மேல் தனியாக எடுத்து வைக்க வேண்டும். இரண்டையும் 40 சதவீதத்துக்குள் சேருங்கள்.

மறுபடி தக்கலை வாசகர்: மனைவி துபாயில் நர்ஸ். அவர் சம்பளத்தையும் சேர்த்தால் 23 லட்சம் தாங்குமே?

ஒப்பந்தம் எத்தனை வருடம் என்று சொல்லவில்லை. நானாக இருந்தால் ஊர்ச் சம்பளத்தை வைத்தே தவணையை முடிவு செய்வேன். அங்கிருந்து வருவதை அவ்வப்போது அசலில் கட்டுவேன். இரண்டையும் சேர்த்தே கணக்குப் போடு என்பவர்களும் எங்கள் பிரிவில் இருந்தார்கள், அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு.