வைல்டு கார்டை விலைக்கு வாங்க முடியுமா?

"மகனுக்கு 20 வயது. ஆண்கள் டென்னிஸின் ஏடிபி தரவரிசையில் 430. விம்பிள்டன் தகுதிச் சுற்றில் ஆட வைல்டு கார்டு வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? ஐந்து செட் ஆடவும் இப்போதே தயார் செய்ய வேண்டுமா?"

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பணம் போவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இதில் இருக்கிறது. வைல்டு கார்டு என்பது தரவரிசை பார்க்காமல் தரப்படும் இடம். அதற்காகப் பணம் கைமாறுவது டென்னிஸின் ஊழல் தடுப்பு விதிப்படி குற்றம். தண்டனை ஏஜென்ட்டோடு நிற்காது, பையனும் தடை வாங்கலாம். இப்படி ஒருவர் அணுகினார் என்று டென்னிஸ் ஊழலை விசாரிக்கும் நேர்மைக் குழுவிடம் உடனே சொல்லாமல் இருப்பதும் தவறுதான். எனவே அவர் அனுப்பிய செய்திகளை அழித்துவிடாமல் மகன் பெயரிலேயே புகார் கொடுங்கள்.

கணக்கு இதுதான். பிரதானச் சுற்றில் 128 பேர். அதில் 104 பேர் தரவரிசையில் நேராக வருகிறார்கள், 16 பேர் தகுதிச் சுற்றில் ஜெயித்து வருகிறார்கள், மிச்சம் 8 இடம் வைல்டு கார்டு. தகுதிச் சுற்றிலும் சில வைல்டு கார்டுகள் உண்டு. மற்ற இடங்கள் போட்டிக்குச் சில வாரம் முன்பு உள்ள தரவரிசைப்படி நிரம்பிவிடும். பொதுவாக 250க்குள் இருந்தால்தான் நம்பிக்கை. 430க்கு வழியில்லை.

வைல்டு கார்டு யாருக்கு என்பதைப் போட்டி நடத்துபவர்களே முடிவு செய்கிறார்கள். பெரும்பாலும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத்தான் போகும். ஆஸ்திரேலியா, பிரான்ஸ், அமெரிக்கா மூன்றும் தங்களுக்குள் ஒரு வைல்டு கார்டை மாற்றிக்கொள்வதும் உண்டு. விம்பிள்டன் போன்ற கிராண்ட்ஸ்லாம் போட்டி எதையும் நடத்தாத நாட்டுப் பையன் எந்த வரிசையில் போய் நிற்பான்? எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஆனால் ஏஜென்ட்டால் அது மாறாது.

அவர் கட்டாயம் குரோஷிய வீரர் இவானிசெவிச் கதையை எடுப்பார். 2001இல் 125ஆம் இடத்தில் இருந்தவர், வைல்டு கார்டில் நுழைந்து விம்பிள்டனையே வென்றாரே என்பார். உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே அங்கே மூன்று முறை இறுதிப் போட்டி ஆடியவர் அவர். 1992, 1994, 1998. அந்த வரலாற்றுக்குத்தான் இடம் கிடைத்தது, யாரோ சிபாரிசு செய்ததற்கு அல்ல. உங்கள் மகனிடம் அந்த வரலாறு இருந்தால் ஏஜென்ட் எதற்கு?

நம் ஊர் உதாரணம் வேண்டுமானால் சென்னைப் பையன் பிரஜ்னேஷ் குணேஸ்வரனைப் பாருங்கள். 2019 ஆஸ்திரேலிய ஓப்பனில் தகுதிச் சுற்றின் மூன்று ஆட்டங்களையும் ஜெயித்துப் பிரதானச் சுற்றுக்குள் போனார். அங்கே முதல் ஆட்டத்தில் அமெரிக்க வீரர் டியாஃபோவிடம் தோற்றார். உள்ளே நுழைந்தது சொந்த ஆட்டத்தால்.

சரி, ஐந்து செட். ஆண்கள் பிரதானச் சுற்றில்தான் அது, மூன்று செட் ஜெயிக்க வேண்டும். தகுதிச் சுற்று மூன்று செட் ஆட்டம். விம்பிள்டனில் மட்டும் ஆண்களின் கடைசித் தகுதி ஆட்டம் ஐந்து செட். அந்தக் கவலை இப்போது வேண்டாம். ஏஜென்ட் கேட்கும் தொகையை சேலஞ்சர், ஐடிஎஃப் என்னும் கீழ்நிலைப் போட்டிகளுக்குப் போகும் விமான டிக்கெட்டில் போடுங்கள். புள்ளிகள் அங்கேதான் கிடைக்கும்.