கோடிட்ட இடத்தில் எந்தச் சொல்லை எடுப்பது?

கேள்வி: வேலைக்காகச் சென்னை வந்திருக்கும் வெளிமாநிலத்தவர்களுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். ஒரு பத்தியில் ஒவ்வொரு ஐந்தாவது சொல்லையும் எடுத்துவிட்டுக் கோடிட்ட இடமாகக் கொடுத்தேன். நன்றாகப் பேசுபவர்களே தடுமாறினார்கள். எங்கே தப்பு?

பதில்: 1953-ல் வில்சன் டெய்லர் என்ற ஆய்வாளர் இந்த முறையைக் கொண்டுவந்தது, ஒரு பத்தி படிக்க எவ்வளவு எளிது என்று அளக்கத்தான். எண்ணிக்கைப்படி எடுப்பது அதற்குப் பொருந்தியது. கற்பவரைச் சோதிக்க, சொல்லை நாமே பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும்.

இந்தப் பத்தியைப் பாருங்கள்:

"கண்ணன் காலையில் சந்தைக்குப் போனான். அங்கே ஒரு கிலோ தக்காளி வாங்கினான். வீட்டுக்கு வந்து பையைத் திறந்து பார்த்தான். பாதி தக்காளி நசுங்கி இருந்தது. அதனால் அம்மா அவனைத் திட்டினார்."

ஐந்தாவது சொல் என்று எண்ணினால் அங்கே, வீட்டுக்கு, பாதி, அம்மா ஆகியவை போகும். 'பாதி' இருந்த இடத்தில் சில, நிறைய, எல்லா என்று எதுவும் வரலாம். திட்டியது அப்பாவாகவும் இருக்கலாம். பிறந்ததிலிருந்து தமிழ் பேசுபவருக்கே விடை தெரியாத இடங்கள் இவை.

நான் 'வாங்கி____' என்று சொல்லின் கடைசிப் பகுதியை மட்டும் எடுப்பேன். அந்த வாக்கியத்தில் எழுவாயே இல்லை. முந்தைய வாக்கியத்தின் கண்ணனை நினைவில் வைத்திருப்பவர்தான் 'னான்' என்று எழுதுவார். அடுத்தது 'அதனால்'. தக்காளி நசுங்கியதையும் அம்மா திட்டியதையும் சேர்த்துப் படித்தால்தான் அது கிடைக்கும். எனவே, ஆகவே என்று எழுதினாலும் மதிப்பெண் கொடுங்கள். 'ஆனால்' என்று எழுதினால், கதை பிடிபடவில்லை என்று தெரிந்துவிடும்.

தமிழில் பலரும் கவனிக்காத ஒரு சிக்கல் ஒற்று. 'திறந்து' என்பதை எடுத்துவிட்டு, 'பையைத் ____ பார்த்தான்' என்று விட்டுவிடுவோம். அந்த 'த்', அடுத்த சொல்லின் முதல் எழுத்தைக் காட்டிக்கொடுக்கிறது. அதைவிட மோசம், 'பிரித்து' என்ற நல்ல விடையை உள்ளே வரவிடாது. ஒற்றையும் கோட்டுக்குள் சேர்த்து 'பையை____ பார்த்தான்' என்று கொடுத்துப் பாருங்கள். அப்போது 'த் திறந்து', 'ப் பிரித்து' இரண்டும் சரி. ஒற்றை விட்டுவிட்டு எழுதினால் இந்தக் கேள்வியில் மதிப்பெண் குறைக்காதீர்கள். நாம் சோதிப்பது பொருள் புரிந்ததா என்பதை. சந்தியைத் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், முதல் வாக்கியத்தை முழுதாக விடுங்கள், கதை யாரைப் பற்றியது என்று தெரிய வேண்டும். நூறு சொல் பத்தியில் பத்து இடம் போதும். வகுப்பில் கொடுப்பதற்கு முன், தமிழ் நன்றாகத் தெரிந்த மூன்று பேரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். அவர்கள் எழுதும் பொருத்தமான மாற்று விடைகளையெல்லாம் விடைக்குறிப்பில் சேருங்கள். ஒரே இடத்தில் மூவரும் மூன்று வேறு பொருளில் எழுதினால், அந்தக் கோட்டை எடுத்துவிட்டுச் சொல்லைத் திரும்ப வையுங்கள்.