“பொன்னிறமாக வதக்கவும்” என்ற வரியை எப்படி மாற்றி எழுதுவது?

கேள்வி: என் குறிப்பில் உள்ள வரி இது: “எண்ணெயைச் சூடாக்கி, நறுக்கிய 2 வெங்காயத்தைச் சேர்த்து 5 நிமிடம் பொன்னிறமாக வதக்கவும். பின்பு பூண்டைச் சேர்க்கவும்.” முதல்முறை சமைப்பவருக்குப் பக்கத்தில் நின்று சொல்வது போல இதை மாற்ற வேண்டும். எங்கே தொடங்குவது?

நடையைத் தொடுவதற்கு முன்னால் அந்த 5 நிமிடத்தைச் சரிபாருங்கள். வெங்காயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அதில் பெரும்பகுதி வற்றினால்தான் நிறம் மாறத் தொடங்கும். மிதமான தீயில் 2 நடுத்தர வெங்காயம் பொன்னிறமாக 15 முதல் 20 நிமிடம் ஆகும். குறிப்பை நம்பும் புதியவர் ஐந்தாவது நிமிடத்தில் வெளுத்த வெங்காயத்தைப் பார்த்துவிட்டுத் தீயைக் கூட்டுவார். ஓரம் கருகும், நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும்.

அடுத்து, அந்த வெங்காயத்தை நீங்களே ஒருமுறை வதக்குங்கள். எதைப் பார்த்து, எதைக் கேட்டு, எந்த வாசனையை வைத்து முடிவு செய்கிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போய், அதை ஃபோனில் பதிவு செய்யுங்கள். குறிப்பில் விட்டுப்போனதெல்லாம் அதில் இருக்கும். நான் எழுதினால் இப்படி வரும்:

“மிதமான தீயில் வாணலியை வைத்து 2 மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றுங்கள். ஒரு துண்டு வெங்காயத்தைப் போட்டுப் பாருங்கள். அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழ் வந்தால் சூடு சரி. மீதியையும் போட்டு ஒரு சிட்டிகை உப்பு தூவுங்கள். உப்பு தண்ணீரை வெளியே இழுப்பதால் வெங்காயம் சீக்கிரம் வாடும். ஐந்து நிமிடத்தில் துண்டுகள் மெத்தென்று கண்ணாடி போலத் தெரியும். இன்னும் பாதி தூரம்கூட வரவில்லை, தீயைக் கூட்ட வேண்டாம். தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் அடங்கும், நெடி போய் இனிப்பான வாசனை வரும், ஓரங்கள் நிறம் மாறும். இனி அடுப்பை விட்டு நகராமல் கிளறிக்கொண்டே இருங்கள். கருகுவது பெரும்பாலும் இந்தக் கடைசிச் சில நிமிடங்களில்தான். அடியில் ஒட்டினால் ஒரு கரண்டி தண்ணீர் விட்டுச் சுரண்டிவிடுங்கள். எல்லாத் துண்டும் பொன்னிறமானதும், பொடியாக நறுக்கிய பூண்டைப் போட்டு அரை நிமிடம் கிளறுங்கள். பச்சை வாசனை போனால் போதும். பூண்டு கருகினால் கசக்கும்.”

கேள்வி: அப்படியானால் நிமிடக் கணக்கையே எடுத்துவிடலாமா?

வேண்டாம். அடையாளத்தை முதலில் சொல்லி, நிமிடத்தை அதன் பின்னால் வையுங்கள்: “ஓரங்கள் நிறம் மாறும் வரை, சுமார் 15 நிமிடம்.” வாணலியின் தடிமன், வெங்காயத்தின் அளவு, அடுப்பின் வேகம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் 2 நிமிட வேலையா 20 நிமிட வேலையா என்று தெரியாமல் புதியவரால் மற்ற வேலையைத் திட்டமிட முடியாது. உப்பு, எண்ணெய் அளவுகளையும் அப்படியே விடுங்கள். “தேவையான அளவு” என்பது அனுபவம் உள்ளவருக்கு மட்டுமே புரியும்.

கேள்வி: “வதக்கவும்” என்பதை “வதக்குங்க” என்று மாற்றிவிட்டேன். இன்னும் இறுக்கமாகவே இருக்கிறதே?

இறுக்கம் வினைமுற்றில் இல்லை. ஒரே வாக்கியத்தில் மூன்று வேலைகளை அடுக்கியிருக்கிறீர்கள், காரணத்தை எங்கேயும் சொல்லவில்லை. ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலை, அதிகம் போனால் இரண்டு. “வதக்குங்கள்” என்றே எழுதலாம், உறுத்தாது.

கேள்வி: எச்சரிக்கைகளைக் கடைசியில் ‘கவனிக்க’ என்று தொகுத்துக் கொடுக்கலாமா?

கூடாது. குறிப்பைப் படித்துக்கொண்டே சமைப்பவர் கடைசிப் பகுதிக்கு வரும்போது பூண்டு கருகியிருக்கும். தவறு நடக்கும் இடத்துக்கு ஒரு வரி முன்னால் எச்சரிக்கை வரட்டும். திருத்த முடிந்த தவறு என்றால் வழியையும் அங்கேயே சொல்லுங்கள், மேலே தண்ணீர் விடச் சொன்னது போல. திருத்த முடியாததையும் மறைக்காதீர்கள்: பூண்டு கறுத்துவிட்டால் அந்தக் கசப்பு போகாது, புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

கேள்வி: இப்படி எழுதினால் குறிப்பு இரண்டு மடங்கு நீள்கிறது. எதை வெட்டலாம்?

தவறு நடக்க வாய்ப்பில்லாத வரிகளைச் சுருக்குங்கள். “தக்காளியைக் கழுவி, நறுக்கி, தனியே எடுத்து வைக்கவும்” என்பதற்குப் பொருள் பட்டியலில் “நறுக்கிய தக்காளி” போதும். எங்கே வெட்டுவது என்று குழப்பமாக இருந்தால், சமைத்துப் பழகாத ஒருவரிடம் குறிப்பைக் கொடுத்து, வாயைத் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் உங்களைத் திரும்பிப் பார்க்கும் இடத்திலெல்லாம் இன்னும் ஒரு வாக்கியம் தேவை. படிக்காமலே தாண்டிப்போகும் வரிகளை எடுத்துவிடலாம்.